புத்தகத்தை மூடிய பிறகு எழுதும் விடை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'அடிபிறழாமல் எழுதுக' என்று ஒரு பகுதி உண்டு. மனப்பாடச் செய்யுளை ஒரு சீர் மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்யுளில் சொல்லை மாற்றினால் ஓசை போகும், எதுகை போகும், கடைசியில் செய்யுளே போய்விடும். ஆனால் இந்த அடிபிறழாத பழக்கம் தமிழ்த் தேர்வோடு நின்றுவிடுவதில்லை. அறிவியல் தேர்வுக்கும் சமூக அறிவியல் தேர்வுக்கும் மாணவரோடு கூடவே போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கேயும் பத்தி பத்தியாகப் பாடநூல் வாக்கியங்கள் கமா உட்பட அப்படியே விடைத்தாளில் இறங்குகின்றன. அதற்கும் மதிப்பெண் விழுகிறது.

இப்படியே பள்ளியும் இளநிலைப் பட்டமும் முடிந்து முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு எழுத உட்காரும்போது, கதை தலைகீழாகிறது. ஒரு நூலில் நன்றாகச் சொல்லப்பட்ட பத்தியை மாணவர் பார்க்கிறார். இத்தனை ஆண்டுகளாகச் செய்ததையே அங்கும் செய்கிறார். நல்ல வாக்கியத்தை எடுத்து வைக்கிறார். மென்பொருள் அந்தப் பத்தியை வண்ணமடித்துக் காட்டுகிறது. வழிகாட்டும் பேராசிரியர் அதைத் திருட்டு என்கிறார். நேற்றுவரை மதிப்பெண் வாங்கித் தந்த திறமைக்கு இன்று ஏன் இந்தப் பெயர் என்று மாணவருக்கு விளங்குவதில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல.

இந்த முரண் சட்டத்திலேயே பதிவாகியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அடுத்தவரின் படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டிக்கொள்வதே கருத்துத் திருட்டு என்பது அதன் வரையறை. முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளும், ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியிடும் கட்டுரைகளும் நூல்களும் இதற்குள் வருகின்றன. அதே விதி அசைன்மென்ட், பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை ஆகியவற்றோடு தேர்வு விடைத்தாளையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லி விலக்கிவிடுகிறது. அதாவது, விடைத்தாளில் பாடநூலை அப்படியே இறக்கி வைத்த மாணவர் மீது இந்த விதியின்படி எந்த நடவடிக்கையும் கிடையாது.

விலக்கியதற்குக் காரணம் இருக்கிறது. திருட்டு என்றால் ஏமாற்று இருக்க வேண்டும். தேர்வு எழுதுபவருக்கும் திருத்துபவருக்கும் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இருவர் மேசையிலும் இருப்பது ஒரே பாடநூல். 'இது என் சொந்தச் சிந்தனை' என்று மாணவர் சொல்லவும் இல்லை, ஆசிரியர் நம்பவும் இல்லை. ஆய்வேட்டில் நிலைமை வேறு. மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் இல்லாத ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆய்வாளர் சொன்னதாகவே வாசகர் எடுத்துக்கொள்கிறார். எனவே மனப்பாட விடை திருட்டாகாது. அதன் குற்றம் வேறொன்று: மாணவருக்குப் பாடம் புரிந்ததா இல்லையா என்பதை அது முழுதாக மறைத்துவிடுகிறது. திருத்தும் ஆசிரியரிடமிருந்து மட்டுமல்ல, எழுதிய மாணவரிடமிருந்தும்.

உயிரியலில் வரும் சவ்வூடு பரவலை எடுத்துக்கொள்ளலாம். பாடநூல் நடையில் அதன் வரையறை ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'அரை கடத்து சவ்வின் வழியாக, கரைபொருளின் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குக் கரைப்பான் மூலக்கூறுகள் இடம்பெயரும் நிகழ்வு.' வேறொரு நூல் இதையே, 'நீரின் செறிவு மிகுந்த பகுதியிலிருந்து நீரின் செறிவு குறைந்த பகுதிக்கு' என்று சொல்லும். இரண்டும் சரி. ஒன்று உப்பையோ சர்க்கரையையோ எண்ணிச் செறிவு என்கிறது. மற்றது நீரை எண்ணிச் செறிவு என்கிறது. உப்பு அதிகமான இடத்தில் நீரின் பங்கு குறைவு. அவ்வளவுதான் விஷயம்.

மனப்பாடம் செய்த மாணவரிடம் இந்த இரண்டு வரையறைகளும் இரண்டு ஒலிவரிசைகளாகவே இருக்கின்றன. பள்ளியில் ஒன்று, டியூஷனில் ஒன்று. தேர்வு அறைப் பதற்றத்தில் 'கரைபொருளின்' என்ற ஒரு சொல் நழுவுகிறது. 'செறிவு மிகுந்த கரைசலிலிருந்து செறிவு குறைந்த கரைசலுக்கு' என்று எழுதிவிடுகிறார். விடை நேர் எதிராகிவிட்டது. எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. வாக்கியத்தின் ஓட்டம் சரியாகத்தான் இருக்கிறது, சொற்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான். தவறைக் கண்டுபிடிக்க அவரிடம் இருக்கும் ஒரே கருவி ஒலி நினைவு. ஒலிக்கு நீர் எந்தப் பக்கம் போகும் என்பது தெரியாது.

இப்போது கேள்வியைச் சற்றே மாற்றிப் பார்க்கலாம். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஏன் உப்புகிறது? அதே திராட்சையை உப்பிய பிறகு கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டால் என்ன ஆகும்? நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் கிளறி வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத ஜாடியில் மறுநாள் நீர் எப்படி வந்தது? மூன்றுக்கும் விடை அதே வரையறைதான். வெளியே தண்ணீர், உள்ளே சர்க்கரை. நீர் உள்ளே போகிறது. வெளியே பாகு, உள்ளே அதைவிடக் குறைந்த சர்க்கரை. நீர் வெளியே வருகிறது, திராட்சை சுருங்குகிறது. மாங்காய்த் துண்டின் வெளியே உப்பு. உள்ளிருந்த நீர் ஜாடிக்கு வருகிறது. வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர் இந்த மாங்காய்க் கேள்வியில் திகைத்து நிற்பதை வகுப்பறையில் பாடம் எடுத்த எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார்.

இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் சில மாதங்கள் பாடம் நடத்தினார். ஆசிரியராகப் போகிற மாணவர்கள் அவர்கள். ஒளி ஒரு பொருளில் பட்டுத் திரும்பும்போது எந்தக் கோணத்தில் முனைவாக்கம் அடையும் என்று கேட்டால், சூத்திரத்தோடு உடனே பதில் வந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல். கையில் போலராய்டு தகடு. 'அந்தக் கடல் நீரில் பட்டு வரும் ஒளியை இதன் வழியே பாருங்கள்' என்றபோது என்ன தெரியும் என்று யாருக்கும் சொல்ல வரவில்லை. 'ஒளிவிலகல் எண் உள்ள ஊடகம்' என்று அவர்கள் படித்ததற்கும் எதிரே கிடந்த தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டென்றே தோன்றவில்லை. அங்கிருந்த பாடநூலில் ஒரு நிகழ்வைப் பற்றி, 'படிகங்களை நசுக்கும்போது வெளிப்படும் ஒளி' என்ற வரையறை இருந்தது. இருட்டறையில் சர்க்கரைக் கட்டியைக் குறடால் நசுக்கினால் நீல நிற ஒளி மின்னும் என்று எழுதியிருந்தால், யாராவது வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்திருப்பார்களே என்று ஃபைன்மன் தன் நினைவுக் குறிப்புகளில் ஆதங்கப்படுகிறார்.

மனித மூளை சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளும்படி இயல்பாக அமைந்ததும் அல்ல. ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. ஒலிநாடாவில் ஒரு பத்தியைக் கேட்டவர்களிடம், இடையில் வந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி, முதலில் கேட்டதும் இதுவும் ஒன்றா என்று கேட்டார். வாக்கியம் முடிந்த உடனே கேட்டால் சிறு சொல்மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். அரை நிமிடம் போல கடந்த பிறகு கேட்டால், செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியிருந்தது கூடத் தெரியவில்லை. ஆனால் யார் யாருக்குக் கடிதம் அனுப்பினார் என்ற பொருள் மாறியிருந்தால் உடனே பிடித்துவிட்டார்கள். கேட்டதன் சாரத்தை வைத்துக்கொண்டு உறையைக் கழற்றிப் போடுவதுதான் மூளையின் வழக்கம். நெட்டுரு போடுகிற மாணவர் அந்த வழக்கத்துக்கு எதிராக, உறையைக் காப்பாற்ற இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறார்.

அப்படியானால் ஏன் இவ்வளவு பேர் மல்லுக்கட்டுகிறார்கள்? சோம்பல் என்று சொல்வது அபத்தம். மனப்பாடத்துக்குத்தான் கூடுதல் உழைப்பு தேவை. ஒரு காரணம் தேர்வு. பாட முடிவில் இருக்கும் புக் பேக் வினாக்களே திரும்பத் திரும்ப வந்தால், அவற்றின் விடைகளைக் கைடிலிருந்து நெட்டுரு போடுவதுதான் புத்திசாலித்தனம். திருத்தும் முகாமில் ஆசிரியர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது. அடுத்தடுத்துக் கட்டுக் கட்டாகத் தாள்கள். குறிப்பில் உள்ள சொற்கள் கண்ணில் பட்டால் மதிப்பெண் போடுவது எளிது. புதிதாக எழுதப்பட்ட வாக்கியத்தை நின்று படித்து யோசிக்க வேண்டியிருக்கிறது. 'புக்கில் இருக்கிற மாதிரியே எழுது' என்று பள்ளியில் சொல்வது இந்த அச்சத்தில்தான். தமிழ்நாட்டில் 2018-19 முதல் புதிய பாடநூல்கள் வந்தபோது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டிச் சொல்லும் ப்ளூபிரிண்ட் முறையும் கைவிடப்பட்டது. சிபிஎஸ்இ 2024-25-இல் 11, 12-ஆம் வகுப்புகளின் வினாத்தாளில் திறன் சார்ந்த வினாக்களின் பங்கை 40-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. வினாத்தாள் மெல்ல மாறுகிறது. பழக்கம் அதைவிட மெதுவாக மாறுகிறது.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. அது மொழி. தமிழ் மாணவர் ஒருவர் ஒரு விஷயத்தைத் தன் சொற்களில் யோசிக்கும்போது பேச்சுத்தமிழில்தான் யோசிக்கிறார். 'உப்பு போட்டா மாங்காய்ல இருக்கிற தண்ணி வெளிய வந்துடும்' என்பது அவருடைய சொந்த வாக்கியம். அதை விடைத்தாளில் எழுத முடியாது. எழுத்துத்தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் பாடநூல் வாக்கியம். பேச்சிலிருந்து எழுத்துக்கு வருகிற பாலத்தை யாரும் போட்டுத் தராததால், அவர் நேராகப் பாடநூலின் கரைக்குத் தாவிவிடுகிறார். ஆங்கில வழியில் படிப்பவருக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம். வீட்டில் தமிழில் புரிந்துகொண்டதை எழுதும் அளவுக்கு ஆங்கிலம் கைவராதபோது, பாடநூலின் ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாக விழுங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரிவதில்லை.

எனவே சொந்த வாக்கியத்துக்கான பயிற்சி பேச்சில் தொடங்குவதே நல்லது. பாடத்தில் ஒரு துணைத்தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூட வேண்டும். மூடுவது முக்கியம், திறந்திருந்தால் கண் அங்கேயே போகும், கை அதையே எழுதும். பிறகு பக்கத்தில் இருக்கும் தம்பிக்கோ தோழிக்கோ சொல்வதுபோல வாய்விட்டுப் பேச்சுத்தமிழில் சொல்ல வேண்டும். ஒரு மாணவி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'ரெண்டு பக்கம் தண்ணி இருக்கு. ஒரு பக்கம் உப்பு ஜாஸ்தி. நடுவுல ஒரு சவ்வு. அது தண்ணியை விடும், உப்பை விடாது. உப்பு இருக்கிற பக்கம் தண்ணியை இழுத்துக்கும்.'

நெட்டுரு போட்ட பத்து பேரின் விடைகளைவிட இந்த நான்கைந்து வரிகள் ஆசிரியருக்கு அதிகம் சொல்கின்றன. சவ்வு எதை விடும், எதை விடாது என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. நீர் போகும் திசை சரி. ஆனால் 'இழுத்துக்கும்' என்ற சொல்லில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. காந்தம் போல உப்பு நீரை இழுப்பதாக அவள் நினைத்திருக்கக்கூடும். உண்மையில் நீர் மூலக்கூறுகள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கடப்பவை அதிகம், திரும்பி வருபவை குறைவு. கணக்குப் பார்த்தால் ஒரு பக்கம் கூடுகிறது. பாடநூல் வரையறையை அடிபிறழாமல் எழுதியிருந்தால் இந்தப் பிழை கடைசிவரை வெளியே வந்திருக்காது. சொந்த வாக்கியம் தவறாக இருக்கலாம். தவறு தெரிவதுதான் அதன் பயன்.

அடுத்து, சொன்னதை எழுத்துத்தமிழுக்கு மாற்றுவது. 'அரை கடத்து சவ்வு ஒன்று இரண்டு கரைசல்களைப் பிரிக்கிறது. அது நீரைக் கடக்க விடுகிறது, உப்பைத் தடுக்கிறது. உப்பு குறைந்த கரைசலிலிருந்து உப்பு மிகுந்த கரைசலுக்குச் செல்லும் நீரின் அளவு, எதிர்த்திசையில் வருவதைவிட அதிகம். இதையே சவ்வூடு பரவல் என்கிறோம். உப்பிட்ட மாங்காயிலிருந்து நீர் வெளியேறுவது இதனால்தான்.' வாக்கியங்கள் சிறியவை, அலங்காரம் இல்லை, ஆனால் மதிப்பெண் குறைக்க இடமில்லை. விடைக்குறிப்பு தேடும் சொற்கள் உள்ளே இருக்கின்றன: அரை கடத்து சவ்வு, கரைசல், சவ்வூடு பரவல். ஆங்கில வழியில் படிப்பவரும் இதே வழியில் வரலாம். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, பிறகு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்ற கணக்கில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதலாம்.

கடைசியில்தான் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். கலைச்சொல் ஏதும் விட்டுப்போனதா, திசையும் நிபந்தனையும் சரியா என்று பார்த்தால் போதும். இங்கே ஓர் எல்லை இருக்கிறது. கலைச்சொல்லை மாற்றுவது சொந்த நடை ஆகாது. 'சவ்வூடு பரவல்' என்பதை 'தோல் வழிக் கசிவு' என்று எழுதினால் அது பிழை. விதிகள், சூத்திரங்கள், அலகுகள், ஆண்டுகள், கணித வரையறைகள் எல்லாம் மனப்பாடமாகவே இருக்க வேண்டும். 'நிலைமம்' என்ற சொல் மனப்பாடம்; பேருந்து திடீரென்று நின்றால் பயணி ஏன் முன்னால் சாய்கிறார் என்ற விளக்கம் சொந்தமாக வர வேண்டும். மனப்பாடம் கெட்டது என்று மொத்தமாகப் பேசுகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மூடிய புத்தகத்தின் பயனுக்குச் சோதனைச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது. படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதமே நினைவில் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். தேர்வு அன்று காலை வாசலில் நின்று புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதன் காரணம் அந்த ஐந்து நிமிடக் கணக்குதான்.

நன்னூல் இதைத் தன் வழியில் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகவே கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் கைவரும். உடன் படிப்பவரோடு பயிலும்போது இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் சேரும் என்பது பவணந்தியின் கணக்கு. எடுத்துரைப்பவர் தன் சொல்லில்தானே உரைக்க முடியும்? அதே நன்னூல், முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, அவர்களுடைய சூத்திரத்தையே மாற்றாமல் எடுத்துவைப்பதற்கும் இடம் தருகிறது. முன்னோர் வழியில் வந்த நூல் என்று காட்டிக்கொள்வதும் அவர்களைப் போற்றுவதும் அதன் நோக்கம். எடுத்தது யாருடையது என்று அன்றைய அவைக்குத் தெரியும், மறைக்கும் எண்ணமும் இல்லை. இன்றைய விடைத்தாளில் பாடநூல் வாக்கியம் குற்றமாகாததும் இதே காரணத்தால்தான்.

ஆய்வேட்டுக்கு வந்தால் விதி கடுமையாகிறது. மானியக் குழுவின் விதிப்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்தாகும். முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடரும் விலக்கப்படும்.

இந்தச் சதவீதம்தான் புதிய மனப்பாடமாகிவிட்டது. 'எப்படியாவது பத்துக்குள் கொண்டுவா' என்பதே பல துறைகளில் பேச்சு. அதனால் பிறக்கும் வேலை ஒன்று உண்டு: வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களுக்குப் பதில் வேறு சொற்களைச் செருகுவது. அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹவார்டு 1990-களில் இதற்கு ஒட்டு எழுத்து என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். வேண்டுமென்றே செய்யும் மோசடியாக இதை அவர் பார்க்கவில்லை. விஷயமும் அதன் மொழியும் புதிதாக இருக்கிற மாணவர் தட்டுத்தடுமாறிக் கற்கும் கட்டம் என்றார்.

எப்படி இருக்கும் அது? ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: 'ஏரிகளின் வரத்துக்கால்கள் தூர்ந்துபோனதே இவ்வட்டாரத்தில் பாசனப் பரப்பு சுருங்கியதற்கு முதன்மைக் காரணமாகும்.' மாணவர் எழுதுகிறார்: 'ஏரிகளின் நீர்வரத்து வாய்க்கால்கள் மண்மூடிப் போனதே இப்பகுதியில் பாசன நிலம் குறைந்ததற்கு முக்கியக் காரணமாகும்.' மென்பொருளில் இது தப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அதே இடத்தில் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது. அடிக்குறிப்பு இல்லையென்றால் இது திருட்டு. அடிக்குறிப்பு இருந்தாலும் மாணவர் ஒன்றும் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

நூலை மூடிவிட்டு எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கலாம்: 'பாசனப் பரப்பு குறைந்ததற்கு மழைக்குறைவையே பலரும் காரணமாகச் சொல்ல, இந்த நூலாசிரியர் வரத்துக்கால்களைக் குறிப்பிடுகிறார். மழை பெய்தாலும் அந்த நீர் ஏரிக்கு வந்து சேர வழியில்லை என்பது அவர் வாதம். அப்படியானால் வரத்துக்கால் தூர்வாரப்பட்ட ஊர்களில் பரப்பு மீண்டிருக்க வேண்டும். இந்த ஆய்வு அதைத்தான் பார்க்கிறது.' இங்கே மாணவர் அந்த நூலோடு பேசத் தொடங்கிவிட்டார். சொல் முழுக்க இவருடையது. இருந்தும் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கருத்து நூலாசிரியருடையது. சொல்லை மாற்றிவிட்டால் ஆதாரம் காட்டத் தேவையில்லை என்ற நம்பிக்கை மாணவரிடம் மட்டுமல்ல, சில வழிகாட்டிகளிடமும் இருக்கிறது. அது தவறு. ஆங்கில நூலிலிருந்து தமிழில் மொழிபெயர்த்து ஆதாரம் தராமல் எழுதுவதும் அதே தவறுதான். இரண்டு மொழிகளுக்கு இடையில் ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் பலவீனமாக இருப்பதால் தமிழ் ஆய்வேடுகளில் இது எளிதாக நுழைகிறது. கண்டுபிடிக்கப்படாத ஒன்று களவு இல்லாமல் போய்விடாது.

சதவீதத்தை மட்டும் நம்பினால் இன்னும் ஒரு ஆபத்து. ஒப்புமை 9 சதவீதம்தான். ஆனால் அந்த 9-ம் ஆய்வின் முடிவுரையில் வேறொருவரின் வாதத்தை முழுசாகத் தூக்கி வைத்ததால் வந்தது என்றால், விதிப்படி தப்பினாலும் அந்த ஆய்வில் எதுவும் மிச்சமில்லை. மாறாக, கல்வெட்டு வாசகங்களை நிறைய எடுத்தாளும் வரலாற்று ஆய்வேட்டில் மேற்கோள்களை நீக்காமல் ஓட்டினால் 25 என்று காட்டலாம். அதில் களவே இருக்காது. எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மென்பொருள் வண்ணமிட்ட ஒவ்வோர் இடத்தையும் வழிகாட்டியும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

பெரும்பாலான விபத்துகள் குறிப்பெடுக்கும் நாளிலேயே நடந்துவிடுகின்றன. நூலகத்தில் நோட்டில் ஒரு பத்தியை அப்படியே எழுதிக்கொள்கிறார். மேற்கோள் குறி போடவில்லை, பக்க எண்ணும் இல்லை. எட்டு மாதம் கழித்து அதே நோட்டைப் புரட்டும்போது, அது நூலாசிரியர் எழுதியதா, தான் யோசித்ததா என்று அவருக்கே தெரிவதில்லை. கையெழுத்து தன்னுடையதாயிற்றே. இதற்கு மருந்து மிக மலிவானது. நூலிலிருந்து அப்படியே எடுத்தவற்றை ஒரு நிறப் பேனாவில், மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுத வேண்டும். தன் சொற்களில் எழுதிய குறிப்பை இன்னொரு நிறத்தில், நூலை மூடிய பிறகே எழுத வேண்டும். அதற்கும் பக்க எண் உண்டு.

இதையெல்லாம் முதுநிலை இரண்டாம் ஆண்டில் கற்றுக்கொடுக்கத் தொடங்குவது காலம் கடந்த வேலை. இளநிலை முதல் பருவத்திலேயே ஓர் அசைன்மென்டையாவது ஆசிரியர் இரு வண்ணங்களில் எழுதச் சொல்லலாம். பள்ளியில், ஒவ்வொரு இடைத்தேர்விலும் 'வரையறு' என்ற ஒரு வினாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாங்காய் ஜாடியைப் போன்ற ஒரு வினாவை வைக்கலாம். பாடநூலில் இல்லாத ஆனால் சரியான வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் உண்டு என்று வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதற்கு அரசாணை தேவையில்லை. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் நினைத்தால் அடுத்த இடைத்தேர்விலேயே செய்துவிட முடியும்.